வாடிக்கையாளர் இடம் மாறினால் பழைய அறிக்கை ஏன் மாறுகிறது? அறிக்கைக் களஞ்சியத்தில் முகவரி வரலாற்றைப் பேணும் முறை

2023ஆம் ஆண்டில் கிளிநொச்சி மாவட்டத்தில் எவ்வளவு கடன் வழங்கப்பட்டது என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அந்த ஆண்டு முடிந்துவிட்டது, அந்தக் கடன்களும் வழங்கப்பட்டுவிட்டன, அவற்றைப் பெற்றவர்கள் அன்று எங்கே குடியிருந்தார்கள் என்பதும் நடந்து முடிந்த விடயம். இருந்தும், வன்னியில் இயங்கும் நிறுவனங்கள் பலவற்றின் கணினிகளில் இந்தக் கேள்வியை இரண்டு வெவ்வேறு நாட்களில் கேட்டால் இரண்டு வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. இதற்குக் கணக்காளரின் பிழை காரணமல்ல, மென்பொருளின் கோளாறும் காரணமல்ல. வாடிக்கையாளரின் முகவரி சேமிக்கப்படும் முறையே காரணம். அந்த முறையையும், அதைச் சீராக்கும் வழியையும், அந்த வழியில் வரும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

## ஒரே ஆண்டு, இரண்டு அறிக்கைகள்

விளக்கத்திற்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டங்களிலும் கடன் வழங்கும் ஒரு நுண்நிதி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 2023ஆம் ஆண்டுக்காக 2024 ஜனவரியில் அது தயாரித்த ஆண்டறிக்கையையும், அதே ஆண்டுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் எடுத்த அறிக்கையையும் அருகருகே வைத்தால் பின்வருமாறு தெரிகிறது.

| மாவட்டம் | 2024இல் எடுத்தது (ரூபா) | 2025இல் எடுத்தது (ரூபா) |
|---|---|---|
| கிளிநொச்சி | 18,450,000 | 17,610,000 |
| முல்லைத்தீவு | 12,300,000 | 13,140,000 |
| மொத்தம் | 30,750,000 | 30,750,000 |

கீழ்வரியில் உள்ள மொத்தம் ஒரு ரூபாகூட மாறவில்லை. இந்தப் பிழை நெடுங்காலம் கண்ணில் படாமலிருப்பதற்கு இதுவே காரணம், ஏனெனில் சரிபார்ப்பவர் முதலில் மொத்தத்தைத்தான் பார்ப்பார், அது பொருந்தினால் மேலே போய்விடுவார். 840,000 ரூபா ஒரு மாவட்டத்திலிருந்து மற்ற மாவட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதுவும் நிகரத் தொகைதான். இரு திசைகளிலும் நகர்ந்த தொகைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பின்னர் எஞ்சியதே 840,000 என்பதால், உண்மையில் இடம் தவறிய கடன்கள் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

அவற்றுள் ஒரு வாடிக்கையாளரை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை முழுவதும் அவரைப் பின்தொடர்வோம். அவருடைய வாடிக்கையாளர் இலக்கம் K-1047. அவர் தர்மபுரத்தில் குடியிருந்தபோது 2023 மார்ச் 14 அன்று 150,000 ரூபாவும், 2023 ஒக்டோபர் 5 அன்று 80,000 ரூபாவும் கடன் பெற்றார். 2024 பெப்ரவரி 1 அன்று விசுவமடுவில் குடியேறினார். 2024 ஜூன் 20 அன்று அங்கிருந்தபடி 200,000 ரூபா கடன் பெற்றார். தர்மபுரமும் விசுவமடுவும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அடுத்தடுத்து வரும் ஊர்கள். ஆனால் முதலாவது கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவில், கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளது. இரண்டாவது புதுக்குடியிருப்புப் பிரதேச செயலாளர் பிரிவில், முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ளது. தேர்தல் மாவட்ட அடிப்படையில் தொகுத்தால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனெனில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும், முல்லைத்தீவு வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் அடங்குகின்றன. சில கிலோமீற்றர் தூர இடமாற்றம் ஒன்று ஊர், பிரதேச செயலாளர் பிரிவு, மாவட்டம், தேர்தல் மாவட்டம் என நான்கு வகையான அறிக்கைகளைப் பாதிக்கிறது.

## தேவையான அடிப்படைகள்

கிளையில் கடன் விண்ணப்பங்களையும் தவணைகளையும் பதிவு செய்யும் மென்பொருள் அன்றாட வேலைக்கானது. அதற்கு வாடிக்கையாளரின் இன்றைய முகவரி போதும். எனவே முகவரி மாறும்போது அது பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறது. அந்த வேலைக்கு அது சரியான நடத்தைதான்.

அறிக்கைக் களஞ்சியம், அதாவது டேட்டா வெயார்ஹவுஸ், வேறொரு வேலைக்காக அமைக்கப்படுகிறது. கிளை மென்பொருளிலிருந்து இரவில் தரவுகளை எடுத்து, ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்து, பலவாறு தொகுத்துப் பார்ப்பதற்கானது அது. அதில் இரண்டு வகை அட்டவணைகள் உள்ளன. கடன் வழங்கல், தவணை செலுத்தல் போன்ற நிகழ்வுகளையும் அவற்றின் தொகைகளையும் கொண்டது ஃபக்ட் அட்டவணை. அந்த நிகழ்வு யாருக்கு, எங்கே, எப்போது நடந்தது என்று விவரிப்பது டைமென்ஷன் அட்டவணை. வாடிக்கையாளர் அட்டவணை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நிகழ்வுகள் நாள்தோறும் குவிகின்றன, ஆனால் வாடிக்கையாளரின் விவரங்கள் எப்போதாவதுதான் மாறுகின்றன. இப்படி மெதுவாக, முன்னறிவிப்பின்றி மாறும் விவரங்களைக் கொண்ட அட்டவணையை ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன் என்பார்கள். ரால்ஃப் கிம்பல் 1990களில் இதை வகைப்படுத்தி இலக்கமிட்டார். அந்த இலக்கங்கள்தான் இன்றும் வழக்கில் உள்ளன.

1. முதலாம் வகை: மேலெழுதுதல். பழைய முகவரி அழிந்து புதியது மட்டும் எஞ்சும். மேலே கண்ட இரண்டு அறிக்கைகளின் முரண்பாடு இதன் நேரடி விளைவு. K-1047 விசுவமடுவுக்குச் சென்றதும், அவர் 2023இல் தர்மபுரத்தில் பெற்ற 230,000 ரூபாவும் அவருடன் சேர்ந்து முல்லைத்தீவுக்குப் போய்விடுகிறது.
2. இரண்டாம் வகை: புதிய நிரை சேர்த்தல். பழைய முகவரி கொண்ட நிரையை முடித்துவைத்துவிட்டு, புதிய முகவரியுடன் இன்னொரு நிரை எழுதப்படும்.
3. மூன்றாம் வகை: முந்தைய முகவரிக்கு ஒரு நிரல். ஒரே நிரையில் தற்போதைய முகவரியும் அதற்கு முந்தையதும் இருக்கும். ஒரு தடவை மட்டும் நிகழும் மாற்றத்துக்கே இது உதவும். 2008–2009 காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் முகாமில் இருந்து, பின்னர் உறவினர் வீட்டில் தங்கி, அதன் பிறகே சொந்தக் காணிக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தின் முகவரிகளை இரண்டு நிரல்களுக்குள் அடக்க முடியாது. ஆகவே இதை இத்துடன் விட்டுவிடலாம்.

இனிவரும் விளக்கம் முழுவதும் இரண்டாம் வகையைப் பற்றியது.

## நிரை எப்படிப் பிரிகிறது

ஒரு வாடிக்கையாளருக்குப் பல நிரைகள் இருக்கப்போகின்றன என்றால், வாடிக்கையாளர் இலக்கத்தை அந்த அட்டவணையின் முதன்மைச் சாவியாக வைத்திருக்க முடியாது. ஆகவே களஞ்சியமே ஒவ்வொரு நிரைக்கும் பொருளற்ற ஓர் எண்ணை வழங்குகிறது. இதைப் பதிலிச் சாவி எனலாம், தொழிலில் சரகேட் கீ என்பார்கள். K-1047 என்பது மனிதரைக் குறிக்கிறது. பதிலிச் சாவி, அந்த மனிதர் ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருந்த காலத்தைக் குறிக்கிறது. பெப்ரவரி மாற்றத்துக்குப் பின் அட்டவணை இவ்வாறு இருக்கும்.

| `customer_sk` | `customer_id` | ஊர் | மாவட்டம் | `valid_from` | `valid_to` | `is_current` |
|---|---|---|---|---|---|---|
| 5012 | K-1047 | தர்மபுரம் | கிளிநொச்சி | 1900-01-01 | 2024-02-01 | N |
| 6388 | K-1047 | விசுவமடு | முல்லைத்தீவு | 2024-02-01 | 9999-12-31 | Y |

இந்தச் சிறிய அட்டவணையில் மூன்று முடிவுகள் அடங்கியுள்ளன.

முதலாவது, பழைய நிரையின் முடிவுத் திகதியும் புதிய நிரையின் தொடக்கத் திகதியும் ஒன்றே. தொடக்கத் திகதி காலத்துக்குள் அடங்கும், முடிவுத் திகதி அடங்காது என்பது இங்கு விதி. பெப்ரவரி 1ஆம் திகதி நிகழ்ந்தது புதிய நிரைக்குரியது. பழைய நிரையை ஜனவரி 31 என்று முடித்து, இரு முனைகளையும் உள்ளடக்கும் முறையும் உண்டு. ஆனால் நிகழ்வுகளில் நேரமும் பதியப்பட்டிருந்தால், ஜனவரி 31 பிற்பகலில் நடந்தது எந்த நிரையிலும் சேராமல் விழுந்துவிடும்.

இரண்டாவது, இன்னும் முடியாத நிரைக்கு 9999-12-31 என்ற தொலைவான திகதி இடப்பட்டுள்ளது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் ஒப்பீடு எந்த விடையும் தராது, ஒவ்வொரு வினவலிலும் அதற்கெனத் தனி நிபந்தனை எழுத வேண்டியிருக்கும், யாரோ ஒருவர் அதை எழுத மறப்பார்.

மூன்றாவது, முதல் நிரையின் தொடக்கம் 1900-01-01. களஞ்சியம் தொடங்கிய நாளை அங்கே இடுவது மிகவும் பொதுவான தவறு. களஞ்சியம் 2023 ஜூலையில் தொடங்கியிருந்தால், அதற்கு முன் மார்ச்சில் வழங்கிய 150,000 ரூபாக் கடனுக்குப் பொருந்தும் நிரையே இருக்காது, அந்தக் கடன் அறிக்கையிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். மொத்தம் குறைவது இந்தத் தவறின் அடையாளம்.

மாற்றத்தை எழுதும் கட்டளைகள் எளியவை. மேலே ஊர் என்று காட்டியது அவற்றில் `gn_code`, அதாவது கிராம அலுவலர் பிரிவின் குறியீடாக வருகிறது. இரண்டும் ஒன்றாக நிறைவேற வேண்டும், இல்லையேல் இரண்டுமே நிறைவேறக்கூடாது. ஆகவே அவை ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இருக்க வேண்டும்.

```sql
BEGIN;
UPDATE dim_customer
SET    valid_to = '2024-02-01', is_current = 'N'
WHERE  customer_id = 'K-1047' AND is_current = 'Y';

INSERT INTO dim_customer
  (customer_sk, customer_id, gn_code, district,
   valid_from, valid_to, is_current)
VALUES
  (6388, 'K-1047', :gn_code, :district,
   '2024-02-01', '9999-12-31', 'Y');
COMMIT;
```

## கடனை எந்த நிரையுடன் இணைப்பது

கடன் அட்டவணையில் வாடிக்கையாளர் இலக்கம் மட்டும் போதாது, பதிலிச் சாவியும் இருக்க வேண்டும். கடன் களஞ்சியத்துக்குள் ஏற்றப்படும்போது, அந்தக் கடனின் திகதியில் நடைமுறையிலிருந்த நிரை எது என்று தேடி, அதன் சாவி எழுதப்படுகிறது. 2023இன் இரு கடன்களும் 5012ஐப் பெறும், 2024 ஜூன் கடன் 6388ஐப் பெறும். ஒருமுறை எழுதப்பட்ட சாவி அவர் பின்னர் எங்கே போனாலும் மாறாது. ஆண்டறிக்கை நிலையாக நிற்பதற்கான காரணம் இதுதான். கீழே `stg_loan` என்பது கிளையிலிருந்து வந்து ஏற்றப்படக் காத்திருக்கும் கடன்களின் அட்டவணை.

```sql
SELECT s.loan_id, s.amount, d.customer_sk
FROM   stg_loan s
JOIN   dim_customer d
  ON   d.customer_id = s.customer_id
 AND   s.loan_date >= d.valid_from
 AND   s.loan_date <  d.valid_to;
```

இங்கே திகதி நிபந்தனைகளுக்குப் பதிலாக `is_current = 'Y'` என்று சுருக்கமாக எழுதிவிடும் பழக்கம் உண்டு. அன்றன்றைய கடன் அன்றிரவே ஏற்றப்படும்வரை இரண்டும் ஒரே விடையைத்தான் தரும், ஆகவே சோதனையில் தவறு தெரியாது. ஆனால் கிளையில் இணைய இணைப்பு இல்லாமல் போய், K-1047 ஜனவரி 25 அன்று பெற்ற ஒரு கடன் பெப்ரவரி 10 அன்று பதிவாகிறது என்று வையுங்கள். சுருக்க வழி அதை விசுவமடுவுடன் இணைத்துவிடும், அன்று அவர் தர்மபுரத்தில் இருந்தபோதிலும்.

## இரண்டு கேள்விகளும் அவற்றின் நடுவே ஒரு பொறியும்

வரலாற்றைப் பேணுகிறோம் என்பதால் இன்றைய முகவரி தேவையற்றதாகிவிடாது. தவணை அறவிடச் செல்லும் வெளிக்கள உத்தியோகத்தருக்கு, 2023 கடனைப் பெற்றவர் இன்று எங்கே இருக்கிறார் என்பதே வேண்டும். இதற்குக் கடனின் பதிலிச் சாவியிலிருந்து வாடிக்கையாளர் இலக்கத்துக்குப் போய், அந்த இலக்கத்தின் நடப்பு நிரையை எடுக்க வேண்டும்.

```sql
SELECT c.district, SUM(f.amount)
FROM   fact_loan f
JOIN   dim_customer h ON h.customer_sk = f.customer_sk
JOIN   dim_customer c ON c.customer_id = h.customer_id
                     AND c.is_current = 'Y'
GROUP BY c.district;
```

`c.district` வரும் இரு இடங்களிலும் `h.district` என்று மாற்றினால் அன்றைய மாவட்டம் கிடைக்கும். ஒரே அட்டவணை இரு கேள்விகளுக்கும் விடை தருகிறது. எந்தக் கேள்விக்கான விடை என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுத வேண்டும். “மாவட்டம்” என்று மட்டும் தலைப்பிட்ட நிரல் வாசிப்பவரை ஏமாற்றிவிடும். “கடன் பெற்றபோதிருந்த மாவட்டம்” என்று நீளமாக எழுதுவதில் தவறில்லை.

வாடிக்கையாளர்களை எண்ணும்போதும் கவனம் வேண்டும். நிரைகளை எண்ணினால் K-1047 இருவராகக் கணக்கிடப்படுவார், ஆகவே `COUNT(DISTINCT customer_id)` வேண்டும். அப்படி எண்ணினாலும், 2024இல் ஜனவரியில் ஒரு மாவட்டத்திலும் ஜூனில் மற்ற மாவட்டத்திலும் கடன் பெற்றவர் இரு மாவட்ட எண்ணிக்கையிலும் வருவார். மாவட்ட எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருப்பது அங்கே பிழையன்று.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று அறவீட்டு வீதத்தில் இருக்கிறது. தவணை செலுத்தலும் ஒரு நிகழ்வு, அதற்கும் ஒரு திகதி உண்டு, அந்தத் திகதிக்குரிய நிரையின் சாவி அதற்கும் எழுதப்படுகிறது. K-1047 தமது 230,000 ரூபாவில் 90,000 ரூபாவைத் தர்மபுரத்தில் இருந்தபோதும், எஞ்சிய 140,000 ரூபாவை விசுவமடுவுக்குச் சென்ற பின்னரும் செலுத்தி முடித்தார் என்று கொள்வோம். மாவட்டவாரியாக வழங்கிய கடன் தொகையையும் அறவிட்ட தொகையையும் அருகருகே இட்டால், கிளிநொச்சியில் 140,000 ரூபா என்றுமே திரும்பாத கடனாக நிற்கும். முல்லைத்தீவில் வழங்காத கடனுக்கு 140,000 ரூபா வசூலாகியிருக்கும். ஒவ்வொரு நிரையும் சரியானது, ஒவ்வொரு திகதியும் சரியானது, ஆனால் வகுத்து வரும் வீதம் பொய். வெளியேறுவோர் கூடிய ஊர்களின் கிளைகள் மோசமாகவும், குடியேறுவோர் கூடிய ஊர்களின் கிளைகள் சிறப்பாகவும் தோற்றமளிக்கும். அதைப் பார்த்துக் கிளை முகாமையாளரின் உழைப்பை மதிப்பிட்டால் அநியாயம் நேரும்.

தீர்வு எளிது. தவணை அட்டவணையில் இரண்டு சாவிகளை வைக்க வேண்டும். ஒன்று, பணம் செலுத்திய நாளுக்குரிய `customer_sk`. மற்றையது, மூலக் கடன் வழங்கிய நாளுக்குரிய `loan_customer_sk`. காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு முதலாவதையும், கடன் திரும்பியதா என்பதற்கு இரண்டாவதையும் பயன்படுத்த வேண்டும்.

## இடமாற்றமா, திருத்தமா?

மேலே சொன்னவை அனைத்தும் கணினியில் எழுதி முடிக்கக்கூடியவை. இனிவருவது அப்படியல்ல. வரலாறு பேணும் முயற்சிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

கிளை மென்பொருளில் ஒரு முகவரி மாறியிருப்பதாகக் களஞ்சியம் இரவில் கண்டுபிடிக்கிறது. அந்த மாற்றம் மூன்று விதமாக நேர்ந்திருக்கலாம்.

1. வாடிக்கையாளர் உண்மையிலேயே இடம் மாறினார். இதற்குப் புதிய நிரை வேண்டும்.
2. அவர் எங்கும் போகவில்லை, பதிவு செய்தவர் முதலில் எழுதிய விதம் மாறியிருக்கிறது. விசுவமடு, விஸ்வமடு என ஒரே ஊர் பலவாறு எழுதப்படுகிறது. இதற்குப் புதிய நிரை கூடாது.
3. முதலில் பதியப்பட்ட கிராம அலுவலர் பிரிவே தவறு, இப்போது சரி செய்யப்பட்டிருக்கிறது. அவர் அந்தப் பிரிவில் ஒருநாளும் குடியிருக்கவில்லை. இதற்கும் புதிய நிரை கூடாது. பழைய நிரையையே திருத்த வேண்டும், இல்லையேல் நடக்காத ஓர் இடமாற்றம் வரலாறாகிவிடும்.

இரண்டாவதைப் பெரும்பாலும் தொழில்நுட்பத்தால் தீர்க்கலாம். முகவரியின் எழுத்துகளை ஒப்பிடாமல், கிராம அலுவலர் பிரிவின் குறியீட்டை மட்டும் ஒப்பிட்டு, அது மாறும்போது மட்டும் நிரையைப் பிரிக்க வேண்டும். வீட்டு இலக்கம், வீதிப் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை நடப்பு நிரையில் மேலெழுதினால் போதும். முதலாம் வகையா இரண்டாம் வகையா என்பது அட்டவணை முழுவதற்கும் எடுக்கும் முடிவு என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக எடுக்கும் முடிவு. அறிக்கையில் யாரும் தொகுக்காத விவரத்துக்கு வரலாறு வைத்தால் அட்டவணை வீங்குமே தவிரப் பயன் கிடையாது.

முதலாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிவது கணினியால் இயலாதது. கண்டாவளைப் பிரிவு ஒன்றின் குறியீடு நேற்று இருந்தது, இன்று புதுக்குடியிருப்புப் பிரிவு ஒன்றின் குறியீடு இருக்கிறது. களஞ்சியத்துக்குத் தெரிவது அவ்வளவுதான். எல்லைக்கு இரு பக்கமும் ஊர்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் தவறான பதிவு நேர்வது இயல்பு. ஆகவே முகவரி மாற்றப் படிவத்தில் கட்டாயமான ஒரு கேள்வி இருக்க வேண்டும்: இது இடமாற்றமா, முந்தைய பதிவின் திருத்தமா? இடமாற்றமென்றால் எந்தத் திகதியிலிருந்து? இந்த இரண்டு விடைகளையும் கிளையின் கருமபீடத்தில் வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதுதான் பெற முடியும். களஞ்சியத்தை வடிவமைப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, எஸ்.கியூ.எல். எழுதத் தொடங்கும் முன் இந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பிப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நிரந்தர முகவரியையும் தற்காலிக முகவரியையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதுவதும் போலி இடமாற்றங்களை உருவாக்கும். நெல் அறுவடைக் காலத்தில் வயலுக்கு அருகிலுள்ள கொட்டிலில் தங்கியிருப்பவர் இடம் மாறியவரல்லர். இரண்டையும் தனித்தனி நிரல்களாக வைத்து, மாவட்ட அறிக்கை எதைப் பின்பற்றும் என்று ஒருமுறை முடிவெடுத்துவிட வேண்டும்.

வன்னிக்கு மிகவும் பொருந்தும் இன்னொரு நிலை, புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல். காணி விடுவிக்கப்பட்டதும் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் இங்கே ஏராளம். K-1047 2025இல் மீண்டும் தர்மபுரத்துக்கே வந்தால் மூன்றாவது நிரை ஒன்று எழுதப்பட வேண்டும். அதன் விவரங்கள் முதல் நிரையை ஒத்திருந்தாலும் அதன் காலம் வேறு. “இதே வாடிக்கையாளர், இதே முகவரி ஏற்கெனவே அட்டவணையில் உள்ளது” என்று கண்டு புதிய நிரையைத் தவிர்க்கும் கட்டளைகள் நடைமுறையில் எழுதப்படுகின்றன. அவை திரும்பி வந்தவரை விசுவமடுவிலேயே விட்டுவிடும். புதிய விவரத்தை நடப்பு நிரையுடன் மட்டுமே ஒப்பிட வேண்டும், பழைய நிரைகளுடன் ஒப்பிடக்கூடாது.

இதற்கு மாறாக, மனிதர் அசையாமலிருக்க நிர்வாக எல்லை நகர்வதும் உண்டு. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அத்தகைய மாற்றத்தைக் கிராம அலுவலர் பிரிவுகளுக்கான தனி அட்டவணையில் வரலாறாக வைக்க வேண்டும், வாடிக்கையாளர் இடம் மாறியதாகப் பதியக்கூடாது.

## செய்தி பிந்தி வரும்போது

இதுவரை K-1047 தமது இடமாற்றத்தை அன்றே தெரிவித்தார் என்று கொண்டோம். அவர் 2024 ஜூலை 15 அன்று தவணை செலுத்த வந்தபோதுதான், தாம் பெப்ரவரியிலேயே விசுவமடுவுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார் என்று இப்போது வைத்துக்கொள்வோம். இதற்கிடையில் ஜூன் 20ஆம் திகதிய 200,000 ரூபாக் கடன் 5012 சாவியுடன் ஏற்றப்பட்டு, ஜூன் 30 வரையான அரையாண்டறிக்கையில் கிளிநொச்சியின் கீழ் அச்சாகியும் விட்டது.

தெரிவித்த நாளையே தொடக்கத் திகதியாக வைத்தால் வேலை குறைவு, வெளியான அறிக்கையும் மாறாது. ஆனால் ஐந்தரை மாத காலம் அவர் இல்லாத ஊரில் இருந்ததாகக் களஞ்சியம் சொல்லும். உண்மையான திகதியை வைப்பதே சரி. அதற்கு மூன்று வேலைகள் உள்ளன.

1. 5012 நிரையை 2024-02-01 அன்று முடித்து, 6388 நிரையை அதே திகதியில் தொடங்க வேண்டும். அத்துடன் `recorded_at` என்றொரு நிரலில் 2024-07-15 என்று, நாம் அறிந்த நாளையும் எழுத வேண்டும்.
2. பெப்ரவரி 1 முதல் 5012 சாவியுடன் ஏற்றப்பட்ட நிகழ்வுகளை 6388க்கு மாற்ற வேண்டும். கடன் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டுத் தவணை அட்டவணையை மறப்பது வழக்கமான தவறு. அதன்பின் ஒரே மாதத்தின் கடன் ஒரு மாவட்டத்திலும் தவணை மற்ற மாவட்டத்திலும் கிடக்கும்.
3. மாற்றிய ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதன் இலக்கம், பழைய சாவி, புதிய சாவி, மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு தனிப் பதிவேட்டு அட்டவணையில் எழுத வேண்டும்.

இப்போது அரையாண்டறிக்கையை மீண்டும் எடுத்தால் 200,000 ரூபா கிளிநொச்சியில் குறைந்து முல்லைத்தீவில் கூடும். கட்டுரையின் தொடக்கத்தில் கண்டதும் இதுவும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் அங்கே சரியாக இருந்த எண் தவறாகிவிட்டது, இங்கே தவறான எண் சரியாகியிருக்கிறது. கணக்காய்வாளர் கேட்டால், எந்தக் கடன், எந்த நாளில், எதனால் நகர்ந்தது என்பதைப் பதிவேட்டிலிருந்து ஒரு வரியில் காட்டலாம். நிகழ்ந்த காலம், நாம் அறிந்த காலம் ஆகிய இரண்டு அச்சுகளிலும் முழு வரலாற்றையும் வைக்கும் பைடெம்பொரல் அமைப்பு இதைவிட நிறைவானது. அதில் எந்த நாளில் என்ன நம்பினோம் என்பதை முழுமையாக மீட்டெடுக்கலாம். ஆயினும் சில கிளைகளைக் கொண்ட நிறுவனத்துக்கு அதன் சிக்கல் அதிகம். பதிவேட்டு அட்டவணையும், வெளியிட்ட அறிக்கையின் உறைந்த பிரதியும் போதுமானவை.

எவ்வளவு காலம் பின்னோக்கிப் போகலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். கணக்காய்வு முடிந்த ஆண்டுக்குள் கைவைப்பதில்லை என்பது நடைமுறைக்கு உகந்த எல்லை. அதற்கு முந்தைய திகதி சொல்லப்பட்டால், நிரையின் திகதி உண்மைத் திகதியாகவே இருக்கட்டும், அந்த ஆண்டின் நிகழ்வுகள் மட்டும் பழைய சாவியுடனேயே இருக்கட்டும். இந்த விதிவிலக்கை எழுத்தில் வைக்க வேண்டும், ஏனெனில் திகதிவாரியாகச் சாவிகளைச் சரிபார்க்கும் சோதனை பின்னர் இவற்றைத் தவறென்று காட்டும்.

## நாளாந்தச் சோதனையும் ஏற்கெனவே இழந்ததும்

நிரைகள் பிரியத் தொடங்கியதும் அட்டவணை கெடுவதற்கான வழிகளும் பெருகுகின்றன. ஏற்றும் வேலை பாதியில் நின்று மீண்டும் ஓடினால் ஒருவருக்கு இரண்டு நடப்பு நிரைகள் வரலாம். அப்போது இன்றைய மாவட்ட அறிக்கையில் அவருடைய கடன் இரட்டிப்பாகும். மொத்தம் கூடுவது இதன் அடையாளம். ஒவ்வோர் இரவும் ஏற்றிய பின் பின்வரும் வினவலை ஓட்டி, விடை வெறுமையாக இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

```sql
SELECT a.customer_id, a.customer_sk, b.customer_sk
FROM   dim_customer a
JOIN   dim_customer b
  ON   a.customer_id = b.customer_id
 AND   a.customer_sk < b.customer_sk
 AND   a.valid_from  < b.valid_to
 AND   b.valid_from  < a.valid_to;
```

காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் இது காட்டிவிடும். இடைவெளி விழுந்திருந்தால் இது காட்டாது. அதற்கு, கிளை மென்பொருளிலுள்ள கடன் எண்ணிக்கையையும் தொகையையும் களஞ்சியத்திலுள்ளவற்றுடன் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, களஞ்சியம் தொடங்குவதற்கு முன்னரே மேலெழுதப்பட்ட முகவரிகள் பற்றிய கேள்வி இருக்கிறது. கிளை மென்பொருளில் அவை இல்லை, எந்த வடிவமைப்பாலும் அவற்றை மீட்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கடன் கோவையிலும் அன்றைய விண்ணப்பப் படிவம் இருக்கும், அதில் அன்றைய முகவரியும், பெரும்பாலும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இருக்கும். எல்லாக் கோவைகளையும் புரட்ட வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கடன் பெற்றவர்களை முதலில் எடுத்து, முதற்கடன் படிவத்தின் கிராம அலுவலர் பிரிவும் இன்றைய பிரிவும் வேறுபடுபவர்களுக்கு மட்டும் பழைய நிரை எழுதினால் வேலை கைக்கு அடங்கும். அந்த நிரைகளில் இடம் மாறிய நாள் தெரியாது, பழைய பிரிவைக் காட்டும் கடைசிக் கடனுக்கும் புதிய பிரிவைக் காட்டும் முதற்கடனுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாள் என்பது மட்டுமே தெரியும். ஆகவே இவற்றுள் பிந்திய கடனின் திகதியை மாற்றத் திகதியாக இட்டு, அது மதிப்பீடு என்பதைத் தனி நிரல் ஒன்றில் குறித்துவைக்க வேண்டும். இரு கடன்களும் அவை வழங்கப்பட்ட மாவட்டங்களிலேயே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் செலுத்திய தவணைகள் எந்த மாவட்டத்திலிருந்து வந்தன என்று யாராவது கேட்டால், அந்தக் குறிப்பைக் காட்டி, அதற்கு உறுதியான விடை தர முடியாது என்று சொல்ல வேண்டும்.